சான்றிதழும் முடித்த வேலையும்: ட்ரோன் அளவைத் தொழிலில் எது எப்போது விலைபோகும்?

(பொன்முடியில் இளைஞர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



22 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்திலுள்ள இந்த மலைக்கு வந்து சேர்ந்திருக்கிறோம். உங்களுள் பலர் சொந்தமாகவோ வாடகைக்கோ ட்ரோன் வைத்துத் தொழில் செய்ய விரும்புகிறவர்கள் என்று அறிகிறேன். ஒரு நிறுவனத்தில் மாதச் சம்பளத்திற்கு அமராமல், வேலைக்கு இவ்வளவு என்று பேசிச் சுயேச்சையாகத் தொழில் நடத்த எண்ணுகிறீர்கள். நான் நில அளவைத் தொழிலில் இருப்பவன். உங்களைப் போன்றவர்களுக்கு வேலை தருகிறவனும்கூட. ஆகவே, வேலை தருகிறவன் மேசைக்கு அந்தப் பக்கத்தில் உட்கார்ந்து எதைப் பார்க்கிறான் என்பதைச் சொல்வதே பயனுடையது என்று கருதுகிறேன்.

என்னிடம் வரும் இளைஞர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "சார், எந்தச் சான்றிதழ் வாங்கினால் வேலை கிடைக்கும்?" என்பதுதான். இந்தக் கேள்வியில் இரண்டு வேறு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எந்தச் சான்றிதழ் இல்லாவிட்டால் வேலை செய்யவே கூடாது என்பது ஒன்று. எதைக் காட்டினால் வேலை தருகிறவர் நம்புவார் என்பது மற்றொன்று. முதலாவதற்கு விடை சட்டத்தில் இருக்கிறது. இரண்டாவதற்கு விடை, யார் வேலை தருகிறார் என்பதைப் பொறுத்தது.

சட்டத்தை முதலில் முடித்துவிடுவோம். 2021 ஆகஸ்டில் மத்திய அரசு வெளியிட்ட ட்ரோன் விதிகள், எடையை வைத்து ட்ரோன்களை வகுத்தன. 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை சிறியது, 150 கிலோ வரை நடுத்தரம், அதற்கு மேல் பெரியது. நானோவை ஓட்டச் சான்றிதழ் தேவையில்லை. மைக்ரோவை வணிக நோக்கமின்றி ஓட்டுவதற்கும் தேவையில்லை. கூலி வாங்கிக்கொண்டு மைக்ரோவை ஓட்டினாலோ, அதற்கு மேற்பட்ட எடையுள்ளதை ஓட்டினாலோ ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். முதலில் இது உரிமம் என்றே அழைக்கப்பட்டது. 2022 பிப்ரவரியில் செய்த திருத்தத்தால் அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையம் தரும் சான்றிதழாயிற்று. 18 வயதும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் இருந்தால் பயிற்சியில் சேரலாம். 2021 விதிகளில் அரசுக் கட்டணம் வெறும் 100 ரூபாய், செல்லுபடிக் காலம் 10 ஆண்டு. செலவெல்லாம் பயிற்சிக் கட்டணத்தில்தான். அது பல ஆயிரங்களில் போகும்.

பணம் கட்டுமுன் ஒன்றைக் கவனியுங்கள். சான்றிதழில் எந்த வகை, எந்த எடைப் பிரிவு என்று எழுதியிருக்கும். சிறிய பிரிவுக்கு வாங்கிய சான்றிதழைக் கொண்டு நடுத்தரப் பிரிவில் வரும் பெரிய மருந்து தெளிப்பு ட்ரோனை ஓட்ட முடியாது. தெளிப்பு வேலையை மனத்தில் வைத்துக்கொண்டு தவறான பிரிவில் பயிற்சி பெற்று, மறுபடியும் பணம் கட்டியவர்களை நான் அறிவேன். நாளை எந்த ட்ரோனால் பிழைக்கப்போகிறீர்கள் என்பதை முடிவு செய்தபின் பயிற்சி நிலையத்தின் வாசலை மிதியுங்கள்.

இந்தச் சான்றிதழும், ட்ரோனின் பதிவு எண்ணும், நானோவைத் தவிர மற்றவற்றுக்குத் தேவையான மூன்றாம் நபர் காப்பீடும் இருந்தால் நீங்கள் தொழில் செய்யத் தகுதி பெற்றவர். தகுதி பெற்றவர் என்றால் வேலை கிடைத்தவர் என்று பொருளல்ல. ஓட்டுநர் உரிமம் வைத்திருப்பவர் எல்லாரிடமும் இந்த மலைப்பாதையில் வண்டியைக் கொடுத்துவிடுவோமா?

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இந்த வட்டாரத்தில் ட்ரோன் வைத்திருப்பவருக்கு மூன்று விதமானவர்கள் வேலை தருகிறார்கள்.

தங்கும் விடுதி உரிமையாளர், திருமண வீட்டார், சுற்றுலா விளம்பரம் எடுப்பவர் ஆகியோர் ஒரு வகை. இவர்கள் உங்கள் கைபேசியில் ஒரு நிமிடப் படத்தைப் பார்த்தவுடன் முடிவு செய்துவிடுவார்கள். வேலையின் தரம் அவர்கள் கண்ணுக்கு நேராகத் தெரிகிறது. இவர்களிடம் சட்டம் கேட்கும் சான்றிதழுக்கு மேல் இன்னொன்று வாங்கிக் காட்டுவது வீண்செலவு. ஒளிப்படக் கலையில் பட்டயம் உண்டா என்று எந்த மணமகன் வீட்டாரும் கேட்டு நான் கேட்டதில்லை.

இரண்டாவது வகை, அரசுத் துறையின் ஒப்பந்தத்தை எடுத்த நிறுவனங்கள். இங்கே நிலைமை தலைகீழ். ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில் இத்தனை சான்றிதழ் பெற்ற விமானிகள் வேண்டும் என்று நிபந்தனை இருக்குமானால், அந்த எண்ணிக்கையை நிரப்ப நிறுவனத்திற்கு ஆள் தேவை. தனிநபராகிய நீங்கள் ஒப்பந்தப்புள்ளியில் நேரடியாகக் கலந்துகொள்வது அரிது. ஆண்டு வரவுசெலவு, முன்பு முடித்த வேலைக்கான சான்று எல்லாம் கேட்பார்கள். ஆனால் நிறுவனத்திற்குத் துணையாகப் போகலாம். அங்கே உங்கள் சான்றிதழின் நகல் ஒரு கோப்பில் சேர்ந்து, சரிபார்ப்பவர் ஒருவர் அதற்கு நேரே குறி போடுவார். அவர் உங்கள் படத்தைப் பார்க்கப்போவதில்லை, பார்க்கவும் அவருக்கு அதிகாரமில்லை. அவரிடம் பேசக்கூடியது காகிதம் ஒன்றே.

மூன்றாவது வகையில்தான் விஷயம் சிக்கலாகிறது. தோட்ட மேலாளர், கல்குவாரிக்காரர், மனைப் பிரிவு போடுபவர் போன்றவர்கள் நில அளவை கேட்டு வருகிறார்கள். 2021 பிப்ரவரியில் மத்திய அரசு வரைபடத் தயாரிப்பு விதிகளைத் தளர்த்தி, இந்தியர்கள் முன் அனுமதியின்றி அளவைத் தரவுகளைத் திரட்டவும் விற்கவும் வழி செய்தபின் இந்த வேலை பெருகியது. இதில் இடர் யாதெனில், நல்ல வரைபடமும் கெட்ட வரைபடமும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். விடுதிக்காரர் கண்ணால் தரம் பார்த்தார், ஒப்பந்தக் கோப்பைச் சரிபார்ப்பவர் காகிதத்தைப் பார்த்தார். தோட்ட மேலாளர் எதைப் பார்ப்பது?

இதற்கு நானே பட்ட ஓர் அனுபவத்தைச் சொல்கிறேன். மலைச்சரிவில் இருந்த ஏறக்குறைய 40 ஏக்கர் தேயிலை நிலம். பாறையும் ஓடையும் போக எவ்வளவு பரப்பில் மறுநடவு செய்யலாம், மழைநீர் வடிகால்களை எந்தச் சமஉயரக் கோட்டில் வெட்டலாம் என்று தெரியவேண்டும். ஓர் இளைஞர் ரிமோட் பைலட் சான்றிதழுடன் வந்தார். படத்தொகுப்பும் வைத்திருந்தார். மூடுபனி விலகும் மலை, வளைவுச் சாலை, அருவி. அருமையான படங்கள். சான்றிதழையும் அந்தப் படங்களையும் பார்த்து நான் வேலையைக் கொடுத்தேன். தவறு என்னுடையது. அவ்விரண்டில் எதுவும் அவருக்கு அளவை தெரியும் என்று சொல்லவில்லை.

அவர் சரிவின் அடியிலிருந்து ட்ரோனை எழுப்பினார். 100 மீட்டர் உயரம் வைத்தார். அவருடைய காமிராவின் உணரி 13.2 மில்லிமீட்டர் அகலமும் 8.8 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது, குவிய நீளம் 8.8 மில்லிமீட்டர். இந்தக் கணக்கில், 100 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு படம் தரையில் 150 மீட்டர் அகலமும் 100 மீட்டர் நீளமும் பிடிக்கும். படத்தின் அகலத்தில் 5,472 புள்ளிகள் இருப்பதால் ஒரு புள்ளி தரையில் 2.7 சென்டிமீட்டருக்குச் சமம். படங்களிலிருந்து உயரத்தைக் கணக்கிட வேண்டுமானால் ஒரே இடம் பல படங்களில் விழவேண்டும். அதற்காக அவர் பறக்கும் திசையில் 80 விழுக்காடும், பக்கவாட்டில் 70 விழுக்காடும் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு அமைத்தார். அதாவது 20 மீட்டருக்கு ஒரு படம், 45 மீட்டருக்கு ஒரு பறப்புக் கோடு. சமதரையாக இருந்தால் இது குறையில்லாத திட்டம்.

ஆனால் நிலத்தின் முகடு, அவர் ட்ரோனை எழுப்பிய இடத்தைவிட 80 மீட்டர் உயரமானது. ட்ரோன் வைத்த 100 மீட்டர், எழும்பிய இடத்திலிருந்து கணக்கிடப்படுவது. ஆகவே முகட்டின் மேல் அது வெறும் 20 மீட்டர் உயரத்தில் சென்றது. 20 மீட்டரிலிருந்து ஒரு படம் பிடிப்பது 30 மீட்டர் அகலமும் 20 மீட்டர் நீளமுமே. கோடுகளுக்கு இடையே 45 மீட்டர், படத்தின் அகலம் 30 மீட்டர். ஒவ்வொரு இரு கோடுகளுக்கும் நடுவே 15 மீட்டர் அகலத்தில் படமே எடுக்கப்படாத பட்டை விழுந்தது. பறக்கும் திசையிலும் 20 மீட்டருக்கு ஒரு படம், படத்தின் நீளமும் 20 மீட்டர். மேற்படிதல் பூச்சியம். தேயிலைக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்கள் அந்த முகட்டில் நின்றிருந்தன. ட்ரோன் அவற்றில் மோதாமல் தப்பியது அதிர்ஷ்டம் என்றுதான் சொல்லவேண்டும்.

கணினி மென்பொருள் ஓட்டையை ஓட்டையாகக் காட்டவில்லை. சுற்றியுள்ள உயரங்களைக் கொண்டு நடுவிலே மெழுகியதுபோல் நிரப்பிவிட்டது. சமஉயரக் கோடுகள் அழகாக வளைந்து சென்றன. நிலத்தில் நடந்து பழகிய மேஸ்திரி ஒருவர்தான் வரைபடத்தைப் பார்த்து, "இங்கே ஒரு பெரிய பாறைத் திட்டு உண்டே, அது எங்கே போயிற்று?" என்று கேட்டார். நானும் அந்த இளைஞரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வேலையை மறுபடி செய்யவேண்டியதாயிற்று. அதற்குரிய செலவு என் கணக்கில் விழுந்தது.

முகட்டிலிருந்து எழுப்பியிருந்தால் சரியாகியிருக்குமோ என்று சிலர் நினைக்கலாம். முகட்டிலிருந்து 100 மீட்டர் என்றால், அடிவாரத்தின் மேல் 180 மீட்டர். பச்சை மண்டலம் எனப்படும் பகுதியில் அனுமதியின்றிப் பறக்கத்தக்க உச்ச உயரம் 400 அடி, அதாவது 120 மீட்டர் அளவு. ஆக, கீழிருந்து எழுப்பினால் படம் கெடும், மேலிருந்து எழுப்பினால் விதி கெடும். நிலத்தைப் பல படிகளாகப் பிரித்துத் தனித்தனியே பறக்கவேண்டும். அல்லது தரையின் ஏற்ற இறக்கத்தைத் தொடர்ந்து தானும் ஏறி இறங்கும் பறப்புத் திட்டம் போடவேண்டும். மலைநாட்டில் அளவை செய்கிறவரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டுவது இந்த ஒரு விஷயமே. ரிமோட் பைலட் பயிற்சி ட்ரோனைப் பத்திரமாக ஏற்றி இறக்கவும் விதிகளை அறியவும் கற்பிக்கிறது. இதைக் கற்பிப்பது அதன் வேலையல்ல.

அந்த இளைஞர் மனம் தளரவில்லை. அடுத்தபடியாக ஓர் அளவைச் சான்றிதழ் வாங்கிவிடலாமா என்று என்னிடம் யோசனை கேட்டார். படிப்பது நல்லதே. டேராடூனில் இஸ்ரோவின் கீழ் இயங்கும் இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் இணையவழியில் குறுகிய காலப் பாடங்கள் நடத்துகிறது. அவற்றைப் படித்தால் அறிவு வளரும். ஆனால் தோட்ட மேலாளர் அந்தக் காகிதத்தைப் பார்த்து வேலை தருவாரா என்பது வேறு கேள்வி. நான் அவரிடம், "தம்பி, அந்தப் பாடத்தைப் படியுங்கள். காட்டுவதற்கு மட்டும் வேறொன்று செய்யுங்கள்" என்றேன்.

விதுராவுக்கு அருகே அவருடைய மாமாவுக்கு 6 ஏக்கர் ரப்பர் நிலம் இருந்தது. மறுநடவுக்காக மரங்களை வெட்டி, நிலம் திறந்து கிடந்தது. இது முக்கியம். ட்ரோனிலுள்ள காமிரா இலையின் மேற்பரப்பைத்தான் பார்க்கும், அடியிலுள்ள மண்ணைப் பார்க்காது. அடர்ந்த ரப்பர் தோப்பில் எடுத்திருந்தால் மரத்தின் உச்சியைத்தான் அளந்திருப்பார். தேயிலையிலும் செடியின் மேல்மட்டமே கிடைக்கும் என்பதை வேலை தருகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும்.

அந்த 6 ஏக்கரில் 10 இடங்களில் வெள்ளை, கறுப்புப் பலகைகளைப் பதித்தார். துல்லிய ஜி.பி.எஸ். கருவியை ஒருநாள் வாடகைக்கு எடுத்துப் பத்தின் இருப்பிடத்தையும் உயரத்தையும் அளந்தார். ஐந்தை மட்டும் மென்பொருளுக்குக் கொடுத்து வரைபடத்தைப் பொருத்தினார். மற்ற ஐந்தையும் மறைத்து வைத்துக்கொண்டார். வரைபடம் முடிந்தபின், மறைத்து வைத்த ஐந்து இடங்களில் வரைபடம் சொல்லும் உயரத்தையும் கருவி சொன்ன உயரத்தையும் ஒப்பிட்டார். வேறுபாடு முறையே 4, 6, 3, 9, 5 சென்டிமீட்டர். இவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் 167. ஐந்தால் வகுத்தால் 33.4. அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 5.8 சென்டிமீட்டர். ஒரு புள்ளி 2.7 சென்டிமீட்டர் என்னும்போது, உயரத்தில் அதைப்போல் இரண்டு, மூன்று மடங்குக்குள் பிழை இருப்பது ஏற்கத்தக்கது.

பத்துப் பலகைகளையும் மென்பொருளுக்கே கொடுத்திருந்தால் பிழை இன்னும் சிறிதாகத் தெரிந்திருக்கும். கேள்வித்தாளை முன்கூட்டிப் பார்த்துவிட்டு எழுதிய தேர்வுக்கு ஒப்பாகும் அது. வேலை வாங்குகிற நான் முதலில் கேட்பது, "எத்தனை இடங்களை மறைத்து வைத்தீர்கள்?" என்பதுதான். இதற்குப் பதில் சொல்லத் தடுமாறுகிறவரின் படத்தொகுப்பு எவ்வளவு பெரியதாக இருந்தாலும் எனக்கு அதனால் பயனில்லை.

அவர் நான்கு பக்கத்தில் ஓர் அறிக்கை தயாரித்தார். முதல் பக்கத்தில் நிலத்தின் வரைபடம். இரண்டாவதில் ஒவ்வொரு இடமும் எத்தனை படங்களில் விழுந்தது என்று நிறத்தால் காட்டும் படம். முகட்டு ஓட்டையை அன்று காட்டிக்கொடுத்திருக்கக்கூடியது இதுதான். மூன்றாவதில் ஐந்து சோதனை இடங்களின் பிழைப் பட்டியல், 9 சென்டிமீட்டர் பிழை வந்த இடமும் மறைக்கப்படாமல். நான்காவதில் எங்கே இந்த வரைபடத்தை நம்பக்கூடாது என்ற குறிப்பு. நில உடைமை எல்லையைத் தீர்மானிக்க இது செல்லாது, அதற்கு அரசு அளவையரே உரியவர் என்றும் அதில் எழுதியிருந்தார். கேரளத்தில் 2022 நவம்பரில் தொடங்கிய மின்னணு மறுஅளவை நடந்துவரும் காலத்தில், இந்த ஒரு வரி பல வம்புகளிலிருந்து அவரைக் காத்தது.

அந்த நான்கு பக்கத்தோடு அவர் ஒரு தோட்ட மேலாளரைப் பார்க்கச் சென்றார். மேலாளர் முதல் பக்கத்தைப் புரட்டிவிட்டு மூன்றாவது பக்கத்தில் நின்றார். "இந்த 9 சென்டிமீட்டர் ஏன் வந்தது?" என்று கேட்டார். பலகை வெட்டப்பட்ட அடிமரத்தின் நிழலில் இருந்ததைச் சொன்னார் இளைஞர். வேலை கிடைத்தது. சான்றிதழை மேலாளர் கேட்டது முன்பணம் தரும்போதுதான், காப்பீட்டுத் தாளோடு சேர்த்து.

இதிலிருந்து நான் பின்பற்றும் வழி இது. ஒரு புதிய சான்றிதழுக்குப் பணம் கட்டுமுன், நீங்கள் வேலை பெற விரும்பும் ஐந்து பேரிடம் அவர்கள் கடைசியாக ஒருவரை அமர்த்தியபோது எந்தத் தாளைக் கேட்டு வாங்கினார்கள் என்று விசாரியுங்கள். அரசு ஒப்பந்தப்புள்ளி அறிவிப்புகள் இணையத்தில் கிடைக்கின்றன. அவற்றில் தகுதி நிபந்தனைப் பகுதியை மட்டும் படியுங்கள். நீங்கள் வாங்க எண்ணும் சான்றிதழின் பெயர் எங்கும் வராவிட்டால், அந்தப் பணத்தில் ஜி.பி.எஸ். கருவியை ஒரு நாளுக்கு வாடகைக்கு எடுத்து ஒரு சிறு நிலத்தை முழுமையாக முடிப்பது மேல். பெயர் வந்தால், எவ்வளவு நல்ல வேலைத் தொகுப்பு இருந்தாலும் அந்தக் காகிதம் இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது. உடனே வாங்குங்கள்.

முதல் வேலையைச் சொந்தக்காரர் நிலத்தில் செய்யச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பணம் கொடுத்து எடுத்த வரைபடம் கொடுத்தவருக்கு உரியது. தோட்டத்தின் பரப்பும் பாறையும் நீர்நிலையும் அடுத்தவர் கண்ணில் படுவதை எந்த மேலாளரும் விரும்பமாட்டார். ஒப்பந்தம் எழுதும்போதே, இடப்பெயரை நீக்கி ஒரு பக்கத்தையும் பிழைப் பட்டியலையும் பிறருக்குக் காட்ட இசைவு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வேலை முடிந்தபின் கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது.

கடைசியாக, இந்த மலையைப் பற்றி ஒன்று. பொன்முடியைச் சுற்றிக் காப்புக்காடுகள் உள்ளன. பேப்பாறை வனவிலங்குச் சரணாலயமும் அருகில் இருக்கிறது. வரைபடத்தில் வான்மண்டலம் பச்சையாகத் தெரிந்தாலும், வனத்துறையின் நிலத்தில் பறக்க அத்துறையின் எழுத்து மூலமான அனுமதி தனியாக வேண்டும். சென்ற முறை என்னிடம் வந்த ஒருவரின் தொகுப்பில் மிகச் சிறந்த படம், காட்டின் மேலே காலை ஒளியில் எடுத்தது. அனுமதிக் கடிதம் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை. படத்தின் அடியில் நாளும் நேரமும் இருப்பிடமும் பதிவாகியிருந்தன. அந்தப் படத்தைத் தொகுப்பிலிருந்து எடுத்துவிடும்படி சொல்லி அனுப்பினேன்.